கடைசி வரியில் நிற்கும் 2,500 ரூபாய்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும் பணத்தில் மளிகைக்கு ஒரு பங்கு, வாடகைக்கு எடுத்துவைப்பது ஒரு பங்கு, மருந்துக்கு ஒரு பங்கு என்று பிரிந்து, திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது பேருந்துக்கான சில்லறைதான் மிஞ்சும். இப்படி வாரக்கணக்கில் வாழ்கிற குடும்பத்திடம் பள்ளிக்கூடம் கேட்பது பருவக் கட்டணம். ஜூனில் ஒரு தொகை, அக்டோபரில் ஒரு தொகை, ஜனவரியில் ஒரு தொகை. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பெற்றோர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, “மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு” என்று எழுதத் தொடங்குகிறார்கள்.

அந்தக் கடிதம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “நாங்கள் மிகவும் ஏழ்மையான குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். என் கணவருக்குப் போதிய வருமானம் இல்லை. எனவே தயவுகூர்ந்து கட்டணத்தில் சலுகை தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மே மாதத்தில் முதல்வர் மேசையில் இதே வரிகளுடன் பல கடிதங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் ஏழ்மை இருக்கிறது, எதிலும் எண் இல்லை. எவருக்கு எவ்வளவு குறைப்பது என்று அவர் எதை வைத்து முடிவு செய்வார்?

கட்டணச் சலுகைக் கடிதத்தில் முடிவெடுக்க உதவுவது ஒரே ஒரு எண். மாத வரவிலிருந்து மாதச் செலவைக் கழித்தால் நிற்கிற மீதி. அந்த மீதியிலிருந்துதான் ‘எவ்வளவு கட்ட முடியும், எவ்வளவு முடியாது’ என்ற கோரிக்கை பிறக்க வேண்டும். அதை எப்படிக் கணக்கிடுவது, எப்படி எழுதுவது என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்த குடும்பம் இது. ஆனால் இதன் வரவுசெலவு திருப்பூரின் எந்த லைன் வீட்டிலும் பார்க்கக்கூடியதுதான்.

அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டி வாரம் 5,400 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தவர். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார், வாரம் 2,400 ரூபாய். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு, இருவரும் ஒரே மெட்ரிக் பள்ளியில். நவம்பர் மாதம் நடந்த பைக் விபத்தில் அப்பாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்தார்கள். ஜனவரி முடியும்வரை வீட்டில் இருந்தார். பிப்ரவரியிலிருந்து பேக்கிங் பிரிவில் ஒரு ஷிப்ட் மட்டும் வேலை, வாரம் ஏறக்குறைய 3,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பிள்ளைகளின் மூன்றாம் பருவக் கட்டணத்துக்கும் மகளிர் குழுவில் கடன் வாங்கிவிட்டார்கள். இப்போது மே மாதம். ஜூனில் பள்ளி திறக்கப்போகிறது.

எழுதும் முன் இரண்டு விசாரணை

முதலாவது, பள்ளிக்குக் கட்ட வேண்டிய தொகை எது என்பது. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் இயங்கும் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. ஒரு பள்ளிக்கு எந்த வகுப்புக்கு எவ்வளவு என்று குழு தரும் ஆணை மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். அதற்கு மேல் வசூலிப்பது குற்றம். ஆகவே பள்ளி அலுவலகத்தில் முதலில் அந்தத் தொகையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். வேன் கட்டணம், நோட்டுப் புத்தகம், சீருடை ஆகியவற்றை இதோடு கலக்காமல் தனியாக எழுதுவது முக்கியம். நம் குடும்பத்துக்கு மகளின் கட்டணம் ஆண்டுக்கு 30,000, மகனுடையது 24,000, இரண்டும் சேர்த்து 54,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் சேர்ந்திருந்தால் எட்டாம் வகுப்பு வரை பெற்றோர் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதே இல்லை. அவர்கள் சலுகை கேட்டு எழுதத் தேவையில்லை.

இரண்டாவது, முடிவு யார் கையில் இருக்கிறது என்பது. கடிதத்தை முதல்வருக்குத்தான் எழுதுகிறோம். ஆனால் தனியார் பள்ளிகளில் பணம் பற்றிய முடிவு பெரும்பாலும் தாளாளரிடமோ அறக்கட்டளையிடமோ இருக்கும். முதல்வர் நம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவரிடம் நமக்காகப் பேச வேண்டியவர். நாம் அருகில் இல்லாதபோது தாளாளர் கேட்கும் கேள்விகளுக்கு அந்தத் தாளே பதில் சொல்ல வேண்டும். அட்டவணை தேவைப்படுவதும் இதனால்தான். நேரில் அழுத கண்ணீர் அடுத்த அறைக்குப் போகாது. தாளில் எழுதிய கணக்கு போகும்.

வரவை மாதக் கணக்காக்குவது

வாரச் சம்பளக்காரர்கள் மாத வருமானம் எழுதும்போது வாரத் தொகையை நான்கால் பெருக்கிவிடுகிறார்கள். அப்பாவுக்கு 3,000, அம்மாவுக்கு 2,400, ஆக 5,400. நான்கால் பெருக்கினால் 21,600. ஆனால் ஆண்டுக்கு 48 வாரம் இல்லை, 52 வாரம். மூன்று மாதத்தில் 13 வாரம் வரும். சரியான மாத வரவு 23,400 ரூபாய். வித்தியாசம் 1,800 ரூபாய். வேண்டுமென்று குறைத்து எழுதவில்லை என்றாலும், திருப்பூரில் தாளாளராக இருப்பவருக்கு வாரச் சம்பளக் கணக்கு தெரியாமல் இருக்காது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணம் முதல் வரியிலேயே விழுந்துவிட்டால் மற்ற வரிகளை அவர் நம்புவது கடினம்.

இதைவிட நல்ல வழி, கடைசி 13 வாரம் கையில் வாங்கிய சம்பளத்தை அப்படியே கூட்டி மூன்றால் வகுப்பது. ஆர்டர் நிறைய இருந்த வாரத்தில் அப்பாவுக்கு 3,300 வந்திருக்கும், லீவு விட்ட வாரத்தில் 2,500 வந்திருக்கும். எல்லாம் கூட்டினால் 39,000. மூன்றால் வகுத்தால் மாதம் 13,000. அம்மாவுக்கு 13 வாரத்தில் 31,200, மாதம் 10,400. நல்ல வாரமும் கெட்ட வாரமும் இதற்குள் அடங்கிவிடும். “எப்படி இந்தத் தொகை?” என்று கேட்டால் சம்பளம் குறித்த நோட்டைக் காட்டலாம்.

வீட்டுக்குள் வரும் மற்றப் பணமும் வரவுதான். மகளிர் உரிமைத் தொகை, தாத்தா பாட்டியின் ஓய்வூதியம், பகுதிநேரத் தையல், மாடு கறக்கும் பால் எது வந்தாலும் எழுதிவிட வேண்டும். நம் குடும்பத்துக்கு வேறு வரவு இல்லை. இல்லை என்பதையும் ஒரு வரியாக எழுதுவது நல்லது. எழுதாமல் விட்டால் மறந்தார்களா மறைத்தார்களா என்று படிப்பவருக்குத் தெரியாது.

செலவை மாதக் கணக்காக்குவது

செலவிலும் இதே சிக்கல் உண்டு. எல்லாச் செலவும் மாதா மாதம் வருவதில்லை. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், ஆகவே பாதியாக்க வேண்டும். 900 ரூபாய்க்கு வாங்கும் சிலிண்டர் 45 நாள் வந்தால் மாதத்துக்கு 600 ரூபாய். தீபாவளித் துணி, பொங்கல் செலவு, ஊர் நோன்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 6,000 என்றால் மாதம் 500. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், சீருடை, காலணி ஆண்டுக்கு 6,000 என்றால் அதுவும் மாதம் 500.

மின்கட்டண ரசீதில் இருக்கும் 800 ரூபாயை அப்படியே மாதச் செலவில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டு மூன்று இனங்களில் இப்படி நடந்தால், மீதி இருக்கும் குடும்பம்கூடத் தாளில் பற்றாக்குறைக் குடும்பமாக மாறிவிடும்.

செலவு எழுதும்போது பலரும் தயங்கும் இனம் கடன். தவணை கட்டுவதை எழுதினால் கௌரவக் குறைவு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் நம் குடும்பத்தின் நிலையை மாற்றியதில் சம்பளக் குறைவுக்கு அடுத்தது அந்தக் கடன்தான். மாதம் 2,400 ரூபாய், மொத்தம் 24 தவணை. எதற்காக வாங்கியது என்பதையும் சேர்த்து எழுதினால், பள்ளிக் கட்டணத்தை இதுவரை பாக்கி வைக்காமல் கட்டியதற்கு அதுவே சான்றாகிவிடும்.

இன்னொரு சின்ன இனத்தையும் விடக்கூடாது. எதிர்பாராத செலவு. ஒரு காய்ச்சல், ஒரு பஞ்சர், ஒரு துக்க வீட்டுப் பயணம். இதற்கு 300 ரூபாயாவது ஒதுக்காமல் மீதி முழுவதையும் பள்ளிக்குத் தருவதாக எழுதினால், இரண்டாம் தவணையிலேயே சொன்ன வார்த்தை தவறிவிடும்.

அட்டவணை

இவ்வளவையும் சேர்த்து ஒரு தாளில் எழுதினால் இப்படி அமையும். மூன்றாவது பத்தியை விட்டுவிடக் கூடாது. தொகை எப்படி வந்தது என்று அங்கேதான் தெரியும்.

| இனம் | மாதத்துக்கு (ரூ.) | கணக்கு / ஆதாரம் |
|---|---|---|
| வரவு | | |
| தந்தை, பேக்கிங் வேலை | 13,000 | பிப்ரவரி முதல் 13 வாரச் சம்பளம் 39,000 ÷ 3 |
| தாய், செக்கிங் வேலை | 10,400 | 13 வாரச் சம்பளம் 31,200 ÷ 3 |
| வேறு வரவு | இல்லை | |
| மொத்த வரவு | 23,400 | |
| செலவு | | |
| வீட்டு வாடகை | 5,500 | வீட்டு உரிமையாளர் ரசீது |
| மின்கட்டணம் | 400 | இரண்டு மாதத்துக்கு 800 |
| ரேஷன், மளிகை | 4,200 | |
| பால், காய்கறி, முட்டை | 3,000 | |
| சமையல் சிலிண்டர் | 600 | 45 நாளுக்கு ஒன்று, 900 |
| வேலைக்குப் போய்வர | 1,000 | பெட்ரோல், பேருந்து |
| செல்போன் இரண்டு | 500 | |
| மருத்துவம் | 1,200 | பிசியோதெரபி, மருந்துச் சீட்டு |
| மகளிர் குழுக் கடன் தவணை | 2,400 | தவணை அட்டை |
| நோட்டு, சீருடை, காலணி | 500 | ஆண்டுக்கு 6,000 |
| மகனின் பள்ளி வேன் | 800 | மகளுக்கு வேன் நிறுத்தப்பட்டது |
| துணி, பண்டிகை | 500 | ஆண்டுக்கு 6,000 |
| எதிர்பாராத செலவு | 300 | |
| மொத்தச் செலவு | 20,900 | |
| பள்ளிக் கட்டணத்துக்கு மீதி | 2,500 | 23,400 – 20,900 |

பள்ளிக் கட்டணத்தைச் செலவுப் பட்டியலில் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைச் சேர்த்து எழுதினால் கடைசி வரியில் 2,000 ரூபாய் பற்றாக்குறை என்று வரும். கணக்குப்படி அதுவும் சரிதான். ஆனால் பள்ளிக்குத் தெரிய வேண்டியது தனக்காக இந்த வீட்டில் எவ்வளவு எடுத்துவைக்க முடியும் என்பது. கட்டணத்தை வெளியே நிறுத்தினால்தான் அந்த விடை நேராகக் கிடைக்கும்.

இப்போது கோரிக்கை தானாக வந்துவிடுகிறது. மாதம் 2,500 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 30,000 ரூபாய். கட்ட வேண்டியது 54,000. குறைவது 24,000. ‘முடிந்த அளவு குறைக்கவும்’ என்று கேட்டால் எவ்வளவு என்று முடிவு செய்யும் சுமை முதல்வருக்குப் போகிறது. அவரோ, தவறாக விட்டுக்கொடுத்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையில் ஒரு சின்னத் தொகையைத்தான் சொல்வார். ‘24,000 ரூபாய் சலுகை, மீதி 30,000 ரூபாய் தவணையில்’ என்று கேட்டால் பேச்சு அந்தத் தொகையிலிருந்து தொடங்கும்.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அட்டவணை தனித் தாளில், இணைப்பாக இருக்கட்டும்.

> அனுப்புநர்:
> (தாயின் பெயர்),
> (முகவரி, செல்பேசி எண்)
>
> பெறுநர்:
> முதல்வர் அவர்கள்,
> (பள்ளியின் பெயர்), திருப்பூர்.
>
> மதிப்பிற்குரிய அம்மையீர்,
>
> பொருள்: எட்டாம் வகுப்பு, நான்காம் வகுப்பு செல்லும் என் இரு பிள்ளைகளுக்கு வரும் கல்வியாண்டுக்கு மட்டும் கட்டணச் சலுகையும் மாதத் தவணையும் வேண்டுதல்.
>
> என் மகள் (பெயர்) எட்டாம் வகுப்பும், மகன் (பெயர்) நான்காம் வகுப்பும் வரும் ஜூனில் தங்கள் பள்ளியில் தொடர்கிறார்கள். சென்ற ஆண்டு வரை இருவருடைய கட்டணத்தையும் பாக்கியின்றிச் செலுத்தியுள்ளோம்.
>
> என் கணவர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தார். நவம்பர் மாதம் நடந்த விபத்தில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது தையல் வேலை செய்ய முடியாததால் பேக்கிங் வேலைக்குச் செல்கிறார். எங்கள் இருவரின் மாத வருமானம் 33,800 ரூபாயிலிருந்து 23,400 ரூபாயாகக் குறைந்துவிட்டது. சிகிச்சைக்கும் மூன்றாம் பருவக் கட்டணத்துக்கும் வாங்கிய கடனுக்கு மாதம் 2,400 ரூபாய் தவணை கட்டுகிறோம்.
>
> எங்கள் மாத வரவுசெலவை இணைப்பில் கொடுத்துள்ளேன். அதன்படி பள்ளிக் கட்டணத்துக்கு மாதம் 2,500 ரூபாய் செலுத்த முடியும். இருவருக்கும் ஆண்டுக் கட்டணம் 54,000 ரூபாய். இதில் 30,000 ரூபாயை ஜூன் முதல் மே வரை ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் 2,500 ரூபாய் வீதம் செலுத்துகிறேன். மீதி 24,000 ரூபாயை இந்த ஓராண்டுக்கு மட்டும் சலுகையாக வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> என் கணவர் கை தேறித் தையல் வேலைக்குத் திரும்பினால் அதை உடனே தங்களுக்குத் தெரிவிப்பேன்.
>
> இப்படிக்கு,
> தங்கள் உண்மையுள்ள,
> (கையொப்பம்)
>
> நாள்:
> இடம்: திருப்பூர்
>
> இணைப்பு: 1. மாத வரவுசெலவு அட்டவணை 2. மருத்துவமனை டிஸ்சார்ஜ் அறிக்கை நகல் 3. வருமானச் சான்றிதழ் நகல் 4. கடன் தவணை அட்டை நகல் 5. கடைசியாகக் கட்டிய கட்டண ரசீது நகல்

இதில் ‘ஏழை’ என்ற சொல் எங்கும் இல்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கட்டுவோம், எவ்வளவு காலத்துக்கு என்ற ஐந்து செய்திகள் மட்டும் இருக்கின்றன. ‘ஓராண்டுக்கு மட்டும்’ என்ற சொல்லுக்குத் தனி வலு உண்டு. காலவரையறை இல்லாத சலுகை, பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்வரை தொடர்ந்துவிடுமோ என்று நிர்வாகம் தயங்கும். ஓராண்டு என்றால் துணிந்து ஒப்புக்கொள்ளலாம். அடுத்த ஆண்டும் நிலைமை மாறவில்லை என்றால் புதிய அட்டவணையோடு மறுபடி எழுதுவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

கணக்கு எங்கே இடறும்?

பெரும்பாலான கடிதங்கள் இடறுவது வருமானச் சான்றிதழில். சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடமிருந்து வாங்குகிறோம். பல வீடுகளில் எப்போதோ உதவித்தொகைக்காக வாங்கிய சான்றிதழ் இருக்கும். அதில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்று இருந்தால், மாதத்துக்கு 6,000 என்று பொருள். அதை 23,400 ரூபாய் வரவு காட்டும் அட்டவணையோடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டில் ஒன்று பொய் என்று கடிதமே சொல்லிவிடுகிறது. நம் குடும்பத்தின் இப்போதைய வரவு ஆண்டுக்கு 2,80,800 ரூபாய். அதைச் சொல்லித்தான் புதிய சான்றிதழ் கேட்க வேண்டும். இரண்டு தாளிலும் எண் ஒத்துப்போனால், 2.8 லட்சம் என்பது பெரிய தொகையாகத் தெரிந்தாலும் கடிதத்துக்குப் பாதகம் இல்லை. அந்த வருமானம் எங்கே போகிறது என்று அட்டவணை விளக்கிவிடும்.

அடுத்தது, வரவைவிடச் செலவு மிக அதிகமாக இருக்கும் அட்டவணை. வரவு 15,000, செலவு 24,000 என்று எழுதினால் படிப்பவருக்கு இரக்கம் வருவதற்கு முன் கேள்வி வரும். மாதா மாதம் குறையும் 9,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது? கடன் வாங்கித்தான் ஓடுகிறது என்றால் யாரிடம் எவ்வளவு என்று எழுத வேண்டும். நகை அடகு என்றால் அதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் எழுதாத வருமானம் ஒன்று இருக்கிறது என்றே நினைப்பார்கள்.

மூன்றாவது, வீட்டில் எதையும் குறைக்காமல் பள்ளியிடம் மட்டும் குறைக்கச் சொல்வது. நம் அட்டவணையில் மகளுக்கு வேனை நிறுத்தியது ஒரு வரியில் இருக்கிறது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் அவள் பேருந்தில் வந்துகொள்வாள். மாதம் 800 ரூபாய்தான். ஆனால் நாங்களும் எங்கள் பக்கத்தில் குறைத்திருக்கிறோம் என்று அந்த வரி சொல்கிறது.

கொடுக்கும் விதம்

மே மாதத்திலேயே கொடுக்க வேண்டும். ஆசிரியர் சம்பளம் உட்படப் பள்ளியின் செலவுக்குக் கட்டணத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் தெரிந்தால் சலுகைக்கு இடம் ஒதுக்கலாம். இரண்டு பருவம் பாக்கி விழுந்த பிறகு எழுதினால் அதே கடிதம் சலுகை கேட்பதாக இல்லாமல் பாக்கிக்குச் சாக்குச் சொல்வதாகத் தோன்றும். பழைய பாக்கி ஏற்கெனவே இருந்தால் அதைத் தனிப் பத்தியாக எழுதி, எப்போது தீர்ப்போம் என்று சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது. ஒட்டிய உறையில் பெற்றோரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் “உங்க அம்மா குடுத்த ஃபீஸ் லெட்டர் எங்க?” என்ற கேள்வி எழாமல் இருக்க அதுதான் வழி. ஒரு நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சில நாளில் கூப்பிடுவார்கள். அந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

“உட்காருங்கம்மா. கணக்கெல்லாம் பார்த்தேன். மே மாசம் வரைக்கும் தவணை கேட்டிருக்கீங்க. மார்ச்சுல முடிச்சுக் குடுத்துட முடியாதா?”

“மார்ச்சுக்குள்ளன்னா மாசம் மூவாயிரம் வருதுங்க மேடம். எங்களுக்கு மிச்சமே ரெண்டாயிரத்து ஐநூறுதாங்க. ஒத்துக்கிட்டுப் போய்ட்டு ரெண்டாவது மாசமே தவறிடக் கூடாதுங்க.”

“வீட்டுக்காரர் தையலுக்குத் திரும்பிட்டார்னா?”

“அந்த வாரமே வந்து சொல்றேனுங்க. அப்புறம் தவணையைக் கூட்டிக்கலாங்க.”

இப்படிப் பதில் சொல்ல முடிவது கணக்கு அவருடையதாக இருப்பதால்தான். வேறொருவர் எழுதிக் கொடுத்த அட்டவணையோடு போனால் முதல் கேள்வியிலேயே தடுமாற வேண்டியிருக்கும். எனவே எழுத உதவி கேட்கலாம், எண்களை மட்டும் தாங்களே உட்கார்ந்து போட வேண்டும்.

ஒப்புக்கொண்டால் அதை எழுத்தில் வாங்க வேண்டும். கடித நகலின் ஓரத்தில் ‘ரூ. 24,000 சலுகை, மீதி 12 தவணை’ என்று கையொப்பத்தோடு ஒரு வரி எழுதித் தந்தாலும் போதும். முதல்வரோ கணக்காளரோ மாறிப்போனால் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இருக்காது. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குவதும் அதனால்தான்.

மறுத்துவிட்டால்?

குழு நிர்ணயித்த கட்டணத்தைக் குறைக்குமாறு பள்ளியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சலுகை என்பது நிர்வாகம் மனமுவந்து தருவது. கேட்ட 24,000க்குப் பதில் 10,000தான் தருகிறோம் என்றால் மீதி 14,000 ரூபாய்க்குக் கூடுதல் அவகாசம் கேட்கலாம். அதுவும் இல்லையென்றால் தவணையாவது கேட்டு வாங்கலாம். பற்றாக்குறை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்திருப்பதால், மகனையாவது அரசுப் பள்ளியில் சேர்ப்பதா, வேறு வழி பார்ப்பதா என்ற முடிவையும் ஜூனுக்கு முன்பே நிதானமாக எடுக்க முடியும்.

ஆனால் கட்டணம் கட்டவில்லை என்பதற்காகப் பள்ளி செய்யக்கூடாதவை சில உண்டு. எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு. குழந்தையை மனத்தளவில் துன்புறுத்துவதை 17ஆவது பிரிவு தடை செய்கிறது. வகுப்புக்கு வெளியே நிறுத்துவதும், பெயர் சொல்லிப் பாக்கியை அறிவிப்பதும் குழந்தைக்குத் துன்பம்தான். மாற்றுச் சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது, அதில் கட்டண பாக்கி பற்றி எழுதக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இவற்றைச் சலுகைக் கடிதத்தில் எழுத வேண்டாம். கேட்கும் கடிதம் மிரட்டும் கடிதமாகிவிடும். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

பள்ளி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. சலுகை கேட்டு வருகிறவர்களிடம் வெறும் மனு கேட்காமல், இப்படி ஓர் அட்டவணைப் படிவத்தை அலுவலகத்திலேயே வைத்திருந்து கொடுங்கள். யாருக்கு எவ்வளவு தேவை என்று ஒரே அளவுகோலால் பார்க்க முடியும். யாரும் யார் காலிலும் விழ வேண்டியிருக்காது.

பெற்றோர்களே, இந்தச் சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். பதின்மூன்று வாரம் எழுதினால் உங்கள் அட்டவணையின் முதல் பாதி தயாராகிவிடும்.